‘நைஸ் டு மீட் யூ’வும் ‘நமக்கு எந்த ஊரு?’வும்

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது மும்பையில். தமிழ் பேசுவேன், ஆனால் வீட்டுத் தமிழ்தான். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அடுத்த மாதம் அம்பாசமுத்திரம் பக்கம் மனைவி வீட்டுச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறேன். அறிமுகம் ஆகும்போது ‘நைஸ் டு மீட் யூ’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? புத்தகத்தில் ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்று இருக்கிறது. மனைவி அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். தமிழில் இதற்கு ஒரு வார்த்தைகூடவா இல்லை?

உங்கள் மனைவி சிரித்ததற்கு வாக்கியத்தில் உள்ள பிழை காரணமில்லை. இலக்கணமும் சரி, சொற்களும் சரி. ஆனால் அந்த வாக்கியத்தை நாங்கள் கேட்டுப் பழகிய இடம் மேடை. ஆண்டு விழாவில் மாலை போட்டு உட்காரவைத்த சிறப்பு விருந்தினர், கிளம்பும் நேரத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்வது அது. அதை மாப்பிள்ளை திண்ணையில் நின்றுகொண்டு மாமனாரிடம் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். நீங்கள் கேட்டது ஒரு வார்த்தை. உங்களுக்கு வேண்டியதோ, வாசலில் செருப்பைக் கழற்றியதிலிருந்து கையில் காப்பி டம்ளர் வரும் வரைக்கும் உள்ள அந்த ஐந்து நிமிடத்தைக் கடக்க ஒரு வழி. பாளையங்கோட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக வெளியூர்க்காரர்களுக்குப் பேச்சுத்தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மாற்றலாகி வந்த வங்கி அதிகாரிகள், வடக்கே இருந்து வந்த மருமகள்கள், கூடங்குளத்தில் வேலை பார்க்கிறவர்கள் என்று பலரும் முதல் வகுப்பிலேயே இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். நான் படித்ததும் மொழியியல் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் புத்தக வாக்கியத்தையே பார்ப்போம். ‘சந்தித்ததில்’ என்பது இறந்தகாலம். சந்தித்து முடிந்துவிட்டது, அந்தச் செயலில் மகிழ்ச்சி என்று பொருள். ஆங்கிலத்தில் ‘டு மீட்’ என்பதில் காலமே கிடையாது. அதனால் கையைக் குலுக்கும் அதே நொடியில் அதைச் சொல்ல முடிகிறது. தமிழில் இந்த இடத்தில் வினையைப் பெயராக்கினால் காலம் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘சந்தித்ததில்’ என்றால் எழுந்து போகப்போகிற ஆள் சொல்வது போல இருக்கும். ‘சந்திப்பதில்’ என்று மாற்றினால் வாரம் ஒரு முறை சந்திக்கிற பழக்கம் போல ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில், ‘இதோ இப்போது சந்தித்துக்கொண்டிருக்கிற இது’ என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வழியில்லை. என் மாணவர்கள் பலர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஏதோ சரியில்லை என்பார்கள். சரியில்லாதது இந்தக் காலம்தான்.

இன்னொன்று, ‘சந்திப்பு’ என்கிற சொல்லே எங்கள் பேச்சில் இல்லை. திருநெல்வேலிக்காரர்கள் அந்தச் சொல்லைத் தினமும் பார்ப்பது ரயில் நிலையத்துப் பலகையில் மட்டும்தான்: ‘திருநெல்வேலி சந்திப்பு’. அந்த இடத்தையும் யாரும் சந்திப்பு என்று சொல்வதில்லை, ஜங்ஷன்தான். ஆளைப் பார்ப்பதற்கு எங்களிடம் இருக்கும் சொல் ‘பாக்குறது’. முதல்முறை பார்த்தாலும் பாக்குறதுதான், முப்பது வருடம் கழித்துப் பார்த்தாலும் பாக்குறதுதான். ஆங்கிலமோ முதல் தடவைக்கு ‘மீட்’, அடுத்த தடவையிலிருந்து ‘சீ’ என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே அறிமுகமானவரிடம் ‘நைஸ் டு மீட் யூ’ என்று சொல்லிவிட்டால், நம்மை மறந்துவிட்டார் என்று அவர் நினைத்துக்கொள்வார். கிளம்பும்போது சொல்வதற்கு அவர்களிடம் ‘நைஸ் மீட்டிங் யூ’ என்று வேறு ஒன்று இருக்கிறது. நம் புத்தகம் எழுதியவர்கள் இந்த இரண்டாவதைத்தான் தெரியாமல் மொழிபெயர்த்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு. ‘சந்தித்ததில் மகிழ்ச்சி’ அதற்குத்தான் பொருந்துகிறது.

ஆங்கிலத்திலும் இது ஆதியிலிருந்து எல்லோரும் சொல்லிவந்த வாசகம் இல்லை. முன்பெல்லாம் அறிமுகம் செய்துவைத்தால் ‘ஹவ் டு யூ டூ’ என்பார்கள். அதற்குப் பதிலும் ‘ஹவ் டு யூ டூ’தான். கேள்வி போல இருக்கும், ஆனால் யாரும் நலம் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் எமிலி போஸ்ட் என்கிற அம்மையார் 1922-ல் நாகரிக நடத்தைகள் பற்றி எழுதிய புத்தகத்தில், அறிமுகத்தின்போது மேல்தட்டு ஆட்கள் ‘ஹவ் டு யூ டூ’ தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள், ‘ப்ளீஸ்ட் டு மீட் யூ’ என்றெல்லாம் சொல்வது அவர்கள் பழக்கம் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அதாவது, சந்தோஷத்தை வாயால் சொல்வது அப்போது அவர்களில் ஒரு பிரிவினருக்கே கொச்சையாகத் தெரிந்திருக்கிறது. வாசகம் மாறிவிட்டது. ஆனால் அது வந்து உட்காரும் இடம் மாறவில்லை. இரண்டு பேர் பெயர் சொல்லிக்கொள்கிறார்கள். பெயருக்குப் பிறகு ஒரு சின்ன வெற்றிடம் வருகிறது. அதில் எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். அந்த வெற்றிடத்துக்கான அடைப்புதான் ‘நைஸ் டு மீட் யூ’.

பெயர் சொல்லி ஆரம்பிக்கிற வழக்கம் உள்ள இடங்களில் இந்த அடைப்பு ஏதோ ஒரு உருவத்தில் இருக்கும், ஆனால் பொருள் ஒன்றாக இருக்காது. ஜப்பான்காரர் ‘ஹஜிமேமஷ்தே’ என்று ஆரம்பிப்பார். அதில் மகிழ்ச்சி என்ற பேச்சே இல்லை, ‘முதல்முறையாக’ என்பதுதான் அதன் உள்பொருள். பெயரைச் சொல்லிவிட்டு ‘யொரொஷிகு ஒனெகாய்ஷிமாஸ்’ என்று முடிப்பார். இனிமேல் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வது அது. ஆங்கிலக்காரர் தன் மனநிலையைச் சொல்கிறார், ஜப்பான்காரர் இனி வரப்போகிற உறவுக்கு ஒரு விண்ணப்பம் போடுகிறார். இதை ஒன்றுக்கொன்று மொழிபெயர்க்க முடியாது, மாற்றி வைக்கத்தான் முடியும்.

ரஷ்ய மொழியில் உள்ளதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, காதால் கேட்டேன். கூடங்குளத்தில் வேலை பார்க்க வந்த ரஷ்யக் குடும்பங்கள் அணுவிஜய் நகரில் இருக்கிறார்கள். அதில் ஒரு அம்மா சந்தைக்குப் போய் வரத் தமிழ் வேண்டும் என்று சில மாதம் என்னிடம் படித்தார். முதல் நாள் நான் பெயர் சொன்னதும் ‘ஓச்சின் பிரியாத்னா’ என்றார். ‘மிகவும் இனிமை’ என்று அர்த்தம், அவ்வளவுதான். யாருக்கு இனிமை, எதனால் இனிமை என்று எதுவும் இல்லை. அந்தப் ‘பிரியாத்னா’வும் நாம் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்ட ‘பிரியம்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று சொன்னபோது அவருக்கு ஒரே ஆச்சரியம். இரண்டாவது வாரம் வந்து, ‘காய்கறிக்காரம்மாவிடம் பெயரைச் சொன்னேன், அவர் தன் பெயரைச் சொல்லவே இல்லை, என் வீட்டுக்காரருக்கு எத்தனை மணிக்கு ஷிஃப்ட் என்று கேட்கிறார்’ என்றார். கோபமில்லை, குழப்பம்தான். நீங்களும் மாட்டப்போகிற இடம் இதுதான் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் பெயர் கடைசியில்தான் வரும். பல நேரம் வரவே வராது. தென்காசி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரோடு ஒன்றரை மணி நேரம் பேசி, அவர் மகளுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள், முட்டுவலிக்கு என்ன தைலம் தடவுகிறார் என்பது வரை தெரிந்துகொண்டு, பெயர் தெரியாமலே இறங்கிப்போகிறோம். பெயரை முதலில் சொல்லாதபோது, பெயருக்குப் பிறகு வருகிற அந்த வெற்றிடமும் வருவதில்லை. தமிழில் ‘நைஸ் டு மீட் யூ’ இல்லாததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். சந்தோஷம் குறைவு என்பதோ சொல்வளம் போதவில்லை என்பதோ காரணமில்லை. அந்த வாசகம் வந்து உட்கார நாற்காலி போடவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் அறிமுகம் எப்படி நடக்கிறது? வீரவநல்லூரில் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதை அப்படியே தருகிறேன். பந்தலில் எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர். முப்பது வயதில் ஓர் இளைஞர் இடம் தேடிக்கொண்டு வந்தார்.

“வாங்க, இப்படி இருங்க. வெயில் என்ன போடு போடுது.”

இளைஞர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பெரியவர் விசிறியைக் கொஞ்சம் அவர் பக்கமும் திருப்பி வீசினார்.

“நமக்கு எந்த ஊரு?”

“சுரண்டை பக்கம் தாத்தா. இப்போ பெங்களூர்ல இருக்கேன்.”

“பெங்களூரு கெடக்கட்டும். சுரண்டை பக்கம்னா எங்கன?”

“சேர்ந்தமரம்.”

“சேர்ந்தமரமா! அங்கன ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் ஒருத்தர் இருந்தாவளே, ஒசரமா, சைக்கிள்ல வருவாவ...”

“எங்க பெரியப்பாதான்.”

“அப்படிச் சொல்லுங்க! அவியளும் நானும் ஒரே ரூம்ல தங்கிப் படிச்சோம்லா!”

சொல்லிக்கொண்டே இளைஞரின் தொடையில் ஒரு தட்டு தட்டினார். அப்புறம் பெரியப்பாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது, சின்னவன் எங்கே வேலை பார்க்கிறான் என்று பேச்சு ஓடியது. பந்தி எழும்பியதும் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு போன் நம்பர் வாங்கும்போதுதான் பெரியவர் கேட்டார்: “பேரு என்னன்னு போடணும்?” நம்பரைப் பதிய வேண்டும் என்பதற்காகப் பெயர் தேவைப்பட்டது. இல்லாவிட்டால் அதையும் கேட்டிருக்க மாட்டார்.

இந்தப் பேச்சில் ‘நைஸ் டு மீட் யூ’ எங்கே இருக்கிறது என்று வகுப்பில் கேட்பேன். எல்லோரும் “வாங்க”வைக் காட்டுவார்கள். “வாங்க” வரவேற்பு, அது எல்லோருக்கும் உண்டு. நான் காட்டுவது “அப்படிச் சொல்லுங்க!” என்ற இடத்தை. மகிழ்ச்சி அங்கேதான் வாயில் வருகிறது. எந்தத் தொடர்பும் தெரியாமல் ஒரு ஆளைப் பார்த்ததற்காகவே சந்தோஷப்படுவது எங்கள் பக்கத்துக் கணக்கில் கொஞ்சம் போலியாகத் தெரியும். எதற்குச் சந்தோஷம், இன்னும் யாரென்றே தெரியாதே? முதலில் ஒரு நூல் கிடைக்க வேண்டும். அந்த நூல் கையில் அகப்படும் நொடியில் வருவதுதான் “அப்படிச் சொல்லுங்க”, “அட, நம்ம ஊருதானா”, “நமக்குத் தெரிஞ்சவியதான்” எல்லாம். ஆங்கிலத்தில் மகிழ்ச்சியை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஆளைத் தெரிந்துகொள்கிறார்கள். இங்கே தெரிந்துகொண்ட பிறகு கொடுக்கிறோம். கடன் கிடையாது, ரொக்கம்தான்.

ஊரைக் கேட்பது விசாரணை போலத் தோன்றலாம். மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் பழகியதை வைத்து 1923-ல் எழுதிய கட்டுரையில், தகவலுக்காக இல்லாமல் ஒட்டுதலுக்காகவே பேசுகிற பேச்சு என்று ஒன்றைப் பிரித்துக் காட்டினார். எதிரில் இருப்பவரின் மௌனம் மனிதனுக்குப் பயத்தைத் தருகிறது, அதை உடைக்கத்தான் எங்கே இருந்து வருகிறாய் போன்ற கேள்விகள் என்பது அவர் வாதம். “சாப்ட்டாச்சா?” என்பதற்கு ‘இல்லை’ என்று உண்மையைச் சொன்னால் இலை போட்டுவிடும் அபாயம் இருந்தாலும், அதுவும் இந்த வகைதான். ஆனால் “நமக்கு எந்த ஊரு?” இதில் முழுதாக அடங்காது. அதற்குப் பதில் வேண்டும். பதிலை வைத்துத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள்.

அந்தக் கேள்வியில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். ‘உங்களுக்கு’ எந்த ஊர் என்று கேட்கவில்லை, ‘நமக்கு’ எந்த ஊர் என்கிறார். கேட்கிறவருக்குத் தன் ஊர் தெரியும். எதிரில் இருப்பவரைக் கேட்கும்போதே தன்னையும் சேர்த்துக்கொண்டு கேட்கிறார். இது தமிழில் முடிவதற்குக் காரணம், ஆங்கிலத்தில் ‘வி’ என்ற ஒரே சொல் உள்ள இடத்தில் நம்மிடம் இரண்டு இருப்பது. ‘நாம்’ என்றால் எதிரில் இருப்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் எதிரில் இருப்பவர் வெளியே. இடையன்குடிக்கு 1841-ல் வந்து சேர்ந்த கால்டுவெல், 1856-ல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளை இந்தோ-ஐரோப்பிய மொழிகளிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களில் ஒன்றாக இந்த இரட்டைப் பன்மையையும் சொல்லியிருக்கிறார். பாளையங்கோட்டையில் சர்ச்சுக்குப் போய்ப் பாருங்கள். பிரசங்கத்தில் பாதிரி ஐயர் ‘நாம்’ என்பார், ஜெபத்தில் ‘பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்பார். மக்களிடம் பேசும்போது அவர்களையும் சேர்க்க வேண்டும். கடவுளிடம் பேசும்போது அவரைச் சேர்க்கக் கூடாது, அவருக்குப் பிதா கிடையாதே. இதைச் சொன்னால் வெளியூர் மாணவர்களுக்கு வித்தியாசம் சட்டென்று பிடிபட்டுவிடும்.

மும்பையில் வளர்ந்த உங்களுக்கு இன்னும் சுலபம். மராத்தி காதில் விழுந்திருக்குமே. ‘ஆம்ஹி’ நாங்கள், ‘ஆபண்’ நாம். அதே ‘ஆபண்’ மரியாதையாக ‘தாங்கள்’ என்ற பொருளிலும் வரும். எங்கள் ‘நமக்கு’ போகிற வழியும் ஏறக்குறைய அதுதான். ‘நீ’ என்றால் குறைவு, ‘நீங்க’ என்றால் சில நேரம் தள்ளிவைத்தது போல. எதிரில் இருப்பவரின் வயது, நிலை தெரியாத முதல் நிமிடத்தில் ‘நாம’ அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவிடுகிறது. இது எப்படித் தோன்றியது என்பதற்கு நான் சொல்லும் ஊகம்தான் இது, ஆனால் வழக்கம் உறுதி. திருநெல்வேலிக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை, தமிழ்நாட்டில் மற்ற இடங்களிலும் கேட்பீர்கள்.

மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். ஹிந்தி ‘ஹம்’ பழக்கத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவார்கள். லக்னோவிலிருந்து வந்த ஒரு மாணவர் வீட்டுக்காரர்களிடம் விடைபெறும்போது “அப்போ நாம கிளம்புறோம்” என்றார். வீட்டுக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “நானும் வரணுமா, எங்க?” என்றார். அது வேடிக்கையாகப் போயிற்று. நேர்மாறான தப்பு கொஞ்சம் உறைக்கும். மாமனார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு “எங்க வீட்டுல இப்படிச் செய்ய மாட்டோம்” என்றால் கோடு போட்டுப் பிரித்ததாகிவிடும். “நம்ம வீட்டுல” என்று பழகுங்கள், உங்கள் அப்பா வீட்டைப் பற்றிச் சொல்லும்போதும்கூட. ஒரு எச்சரிக்கை: “நமக்கு அதெல்லாம் தெரியாது அண்ணாச்சி” என்று ஒருவர் சொன்னால் உங்களையும் சேர்த்து மட்டம் தட்டுகிறார் என்று நினைக்காதீர்கள். அங்கே ‘நமக்கு’ என்பது அடக்கமாகச் சொல்லும் ‘எனக்கு’.

நீங்கள் போவது அந்நியர் வீட்டுக்கு இல்லை, மனைவி வீட்டுக்கு. அதனால் “எந்த ஊரு”வைவிட முந்திக்கொண்டு ஒன்று வரும்: முறை. உங்கள் மனைவியோ மாமியாரோ பக்கத்தில் நின்று, “இவிய உங்களுக்கு மாமா முறை வேணும்” என்பார்கள். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, அந்தச் சொல்லை உடனே எடுத்துப் போடுவது: “வணக்கம் மாமா, நல்லா இருக்கியளா?” கையைக் கூப்புங்கள், பெரியவர் என்றால் காலைத் தொட்டுக் கும்பிட்டாலும் நல்லதுதான், வீட்டு வழக்கத்தை மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ‘மாமா’வில்தான் அறிமுகம் முடிகிறது. ‘உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி’ என்ற முழு வாக்கியத்தின் வேலையையும் அந்த ஒரு விளி செய்துவிடும்.

முறையில் ஒரு வளைவு இருக்கிறது, அதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பெரியவர்கள் அசந்துபோவார்கள். மனைவியின் அப்பா உங்களுக்கு மாமா, அவருடைய அண்ணன் தம்பிகளும் மாமா. மனைவியின் அம்மா அத்தை, அவருடைய அக்கா தங்கைகளும் அத்தை. ஆனால் மனைவியின் தாய்மாமா உங்களுக்கு மாமா ஆக மாட்டார். பெரியப்பா அல்லது சித்தப்பா முறை. மனைவிக்கு அத்தையாக இருப்பவர், அதாவது அவள் அப்பாவின் அக்காவோ தங்கையோ, உங்களுக்குப் பெரியம்மா அல்லது சித்தி முறை. ஏன் என்றால், உங்கள் சொந்தத் தாய்மாமாவுக்கு மைத்துனர் யார்? உங்கள் அப்பா. அதே கணக்குத்தான் இங்கேயும். மாமாவுக்கு மைத்துனர் அப்பா முறை, மாமாவின் அக்கா தங்கை அம்மா முறை. சில வீடுகளில் இவ்வளவு பார்க்காமல் எல்லோரையும் மாமா, அத்தை என்றே கூப்பிட்டுவிடுகிறார்கள். முன்கூட்டியே மனைவியை உட்காரவைத்து ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தவறாகக் கூப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது. “எனக்கு நீங்க சித்தப்பா முறைலா வேணும், மாமான்னுட்டேன்” என்று நீங்களே திருத்திக்கொண்டால் அதையே அடுத்த கல்யாணம் வரைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

இதையெல்லாம் இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் இந்த ஊர்க்காரன் இல்லை. ஊரைக் கேட்கும் கேள்விக்கு இன்னொரு முகம் இருக்கிறது. “எந்த ஊரு?”க்கு அடுத்து “எந்தத் தெரு?” வந்தால் பல நேரம் கேட்கப்படுவது சாதி. எங்கள் கிராமங்களில் தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். “உங்களுக்கு எந்த சாஸ்தா?” என்பதும் இப்படித்தான் இரண்டு வேலை செய்யும். பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குடும்ப சாஸ்தா கோயிலுக்குப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். ஒரே சாஸ்தா என்றால் பங்காளியாக இருக்கலாம் என்று உண்மையிலேயே முறை பார்ப்பதற்கும் கேட்பார்கள், சாதியைத் துழாவுவதற்கும் கேட்பார்கள். என்னிடம் படித்த ஒரு பையன், இந்தப் பக்கத்து ஆள்தான், “சார், எந்த ஊருன்னு கேட்டா மத்தவங்களுக்குச் சொந்தம் கிடைக்குது, எனக்கு வயித்தைக் கலக்குது” என்று ஒருமுறை சொன்னான். அந்த நாளுக்குப் பிறகு வகுப்பில் இந்தக் கேள்வியை வெறும் பாசமாகச் சொல்லித்தருவதை விட்டுவிட்டேன். வித்தியாசத்தை ஓரளவு காதால் பிடிக்கலாம். அடுத்த கேள்வி ஒரு ஆளையோ, பள்ளிக்கூடத்தையோ, மில்லையோ, பஸ் ஸ்டாப்பையோ நோக்கிப் போனால் நூல் தேடுகிறார்கள். தெருவிலேயே நின்று, சொன்ன பிறகும் “அதுல எந்தப் பக்கம்?” என்று சுற்றிச் சுற்றி வந்தால் அது வேறு. பஸ்ஸிலோ கடையிலோ அப்படி வந்தால் “டவுன் பக்கம்தான் அண்ணாச்சி” என்று சொல்லி, வெயிலைப் பற்றியோ குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்றோ பேச்சை மாற்றுவது எல்லோரும் செய்வதுதான். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘சந்தோஷம்’ என்ற சொல் அப்போ வரவே வராதா? வரும், ஆனால் வாசலுக்கு வெளியே வரும்போது. நீங்கள் கிளம்பும்போது மாமனார் “வந்ததுல ரொம்ப சந்தோசம்” என்பார். நீங்களும் “உங்க எல்லாரையும் பாத்ததுல ரொம்ப சந்தோசம் மாமா, போயிட்டு வாரோம்” என்று சொல்லலாம். அந்த இறந்தகாலம் இங்கே சரியாக வந்து பொருந்துகிறது பாருங்கள். மகிழ்ச்சியை விட்டுவிட்டுச் சந்தோசத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சந்தித்ததை விட்டுவிட்டுப் பாத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் புத்தக வாக்கியமே உயிர் பெற்றுவிடும். “போறோம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம், “ரொம்ப சந்தோசம்” என்பதைத் தட்டையான குரலில், வேறு எதுவும் சேர்க்காமல் தனியாகச் சொன்னால் ‘நல்ல காரியம் பண்ணினே போ’ என்ற குத்தலாகிவிடும். மைத்துனன் கைதவறிக் காப்பியைக் கொட்டினால் மாமியார் சொல்லிக் கேட்பீர்கள், குரலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்திலோ, அம்பாசமுத்திரத்தில் யாராவது வங்கி மேலாளரைப் பார்க்கும்போதோ ‘நைஸ் டு மீட் யூ சார்’ என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிடுங்கள். அங்கே பெயர் முதலில் வருகிறது, அடைப்பும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். தமிழ்ப் பேச்சுக்கு நடுவில் அது யாருக்கும் உறுத்தாது.

கிளம்புவதற்கு முன் உங்கள் அப்பாவுக்குப் போன் போட்டு ஒரு விஷயம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். “மும்பை” என்று நீங்கள் சொன்னால் திண்ணையில் பேச்சு நிற்காது. திருநெல்வேலிப் பக்கத்தில் பம்பாய்க்குப் பிழைக்கப்போன ஆள் இல்லாத ஊரைத் தேட வேண்டும். “தாராவியா, மாட்டுங்காவா?” என்று கேட்டுவிட்டு, அடுத்ததாகப் “பூர்வீகம் எங்கன?” என்பார்கள். அதற்குத் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று பதில் சொல்லக் கூடாது. எந்த ஊர், எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், தாத்தா என்ன வேலை பார்த்தார், அவரை ஊரில் என்ன பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பது வரை வேண்டும். பட்டப்பெயரை அப்பா சொல்லத் தயங்குவார், விடாமல் கேளுங்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உங்கள் தாத்தாவின் நிஜப் பெயர் தெரிந்திருக்காது.